ஹுண்ட் விதி: கார்பனையும் ஆக்ஸிஜனையும் வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹுண்ட் விதி என்னதான் சொல்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரே ஆற்றல் கொண்ட ஆர்பிட்டால்கள் பல இருக்கும்போது, மொத்த ஸ்பின் எந்த அமைப்பில் அதிகபட்சமாக வருகிறதோ அந்த அமைப்புக்குத்தான் ஆற்றல் மிகக் குறைவு. அவ்வளவுதான். "முதலில் தனித்தனியாக நிரப்பு, அப்புறம் ஜோடி சேர்" என்று நாம் மனப்பாடம் செய்வது இதிலிருந்து கிடைக்கும் விளைவு. மூல விதி ஸ்பினைப் பற்றியது. ஒரு ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான் இருந்தால் பௌலி தவிர்ப்பு தத்துவப்படி அவை எதிரெதிர் ஸ்பினோடுதான் இருக்க முடியும், ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஆகவே மொத்த ஸ்பின் அதிகமாக வேண்டுமென்றால் அவை வெவ்வேறு ஆர்பிட்டாலுக்குப் போயே ஆக வேண்டும்.

ஜெர்மன் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் ஹுண்ட் 1925-இல் ஸ்காண்டியம் முதல் நிக்கல் வரையிலான தனிமங்களின் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டுகொண்டார். அதாவது இது முதலில் சோதனையில் தெரிந்த ஒழுங்கு. ஏன் அப்படி என்பதற்கான விளக்கம் அப்புறம்தான் வந்தது, அதிலும் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் கட்டம் எப்படிப் போடுவது?

கார்பனில் 6 எலக்ட்ரான்: 1s² 2s² 2p². ஆக்ஸிஜனில் 8: 1s² 2s² 2p⁴. s ஆர்பிட்டால்கள் நிரம்பிவிட்டதால் அங்கே தேர்வுக்கு இடமே இல்லை, 2p-யில் மட்டும்தான் விஷயம்.

```
C   2p²   [↑ ] [↑ ] [  ]
O   2p⁴   [↑↓] [↑ ] [↑ ]
```

ஆக்ஸிஜனில் முதல் மூன்று எலக்ட்ரான்கள் ஆளுக்கொரு கட்டத்தில் ஒரே ஸ்பினோடு இருக்கும். நான்காவதுக்குக் காலிக் கட்டம் கிடையாது, ஏதாவது ஒன்றில் எதிர் ஸ்பினோடு போய்ச் சேர வேண்டியதுதான். இரண்டு அணுக்களிலும் தனித்த எலக்ட்ரான் இரண்டு. தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் தவறு, ஆக்ஸிஜனுக்கு இரண்டு கட்டத்தை முழுதாக நிரப்பிவிட்டு மூன்றாவதைக் காலியாக விடுவது. எழுதி முடித்ததும் தனித்த எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள், 2p⁴-க்குப் பூஜ்ஜியம் வந்தால் கட்டம் தப்பு.

முதல் எலக்ட்ரான் px-இல்தான் போக வேண்டுமா? அம்பு மேல்நோக்கித்தான் இருக்க வேண்டுமா?

இரண்டுமே வேண்டியதில்லை. px, py, pz என்ற பெயர்கள் நாம் அச்சுகளுக்கு வைத்தவை, தனியாக இருக்கும் அணுவுக்கு எந்தத் திசையும் விசேஷம் கிடையாது. எந்த இரண்டு கட்டத்தை எடுத்தாலும் ஆற்றல் ஒன்றுதான். இரண்டு அம்பும் மேலே இருந்தாலும் இரண்டும் கீழே இருந்தாலும் அதேதான். புத்தகங்கள் இடமிருந்து வலமாக, மேல்நோக்கிய அம்போடு ஆரம்பிப்பது வெறும் எழுத்து வழக்கம். கூடவே ஒன்று: எலக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து இடம் பிடிப்பதுமில்லை. ஆறு எலக்ட்ரானும் சேர்ந்து இருக்கக்கூடிய நிலைகளில் எது ஆற்றல் குறைந்தது என்பதே கேள்வி, "நிரப்புதல்" என்பது அதைக் கண்டுபிடிக்க நாம் வைத்துக்கொண்ட ஒரு வழி.

பேருந்தில் காலி இருக்கை இருக்கும்போது யாரும் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள், அதுபோலத்தான் இது என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. எலக்ட்ரான்கள் ஏன் வேறு வேறு கட்டத்துக்குப் போகின்றன என்பதற்கு அந்த உவமை போதும், ஒரே கட்டத்தில் இருந்தால் விலக்கம் அதிகம் என்று புரிந்துவிடும். ஆனால் வேறு வேறு கட்டத்துக்குப் போன பிறகு ஏன் இரண்டு அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்? ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் என்ன குறைந்துவிடும்? உவமையில் இதற்குப் பதிலே இல்லை. ஹுண்ட் விதியின் உயிர் இருப்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான், அதனால்தான் இந்த உவமையோடு நின்றுவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

சரி, கார்பனில் வேறு அமைப்புகள் எத்தனை இருக்கின்றன? அவற்றுக்கு ஆற்றல் எவ்வளவு கூடுதல்?

இதை உட்கார்ந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்று 2p ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் மேல் ஸ்பினுக்கு ஒரு இடம், கீழ் ஸ்பினுக்கு ஒரு இடம், ஆக மொத்தம் 6 இடங்கள். அதில் இரண்டு எலக்ட்ரானை வைக்க 15 வழி உண்டு. இரண்டும் மேல்நோக்கி இருப்பவை 3, இரண்டும் கீழ்நோக்கி இருப்பவை 3, ஒன்று மேலே ஒன்று கீழே இருப்பவை 9. அந்த 9-இல் ஒரே கட்டத்தில் ஜோடியாக இருப்பவை 3, வேறு கட்டங்களில் இருப்பவை 6.

இந்த 15-ம் அணுவில் மூன்றே மூன்று ஆற்றல் மட்டங்களாகத்தான் சேர்கின்றன. மிகக் கீழே இருப்பது ³P, இதில் 9 நிலைகள். அடுத்தது ¹D, இதில் 5. மேலே ¹S, இதில் ஒன்றே ஒன்று. இடது மேல்மூலையில் இருக்கும் எண் ஸ்பின் எத்தனை விதமாக அமையலாம் என்பதைச் சொல்கிறது: 3 என்றால் ஸ்பின்கள் இணையாகச் சேர்ந்த மும்மை நிலை, 1 என்றால் ஸ்பின் முழுக்கச் சமனான ஒற்றை நிலை. நிறமாலையிலிருந்து அளந்து பார்த்தால் கார்பனில் ³P-ஐ விட ¹D சுமார் 1.26 எலக்ட்ரான் வோல்ட் மேலே, ¹S சுமார் 2.68 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. அணுவுக்கு 1.26 எலக்ட்ரான் வோல்ட் என்பது ஒரு மோலுக்கு ஏறக்குறைய 120 கிலோ ஜூல். வேதியியலில் இது அலட்சியம் செய்யக்கூடிய அளவு இல்லை.

மேல்–கீழ் அம்போடு வேறு வேறு கட்டத்தில் இருக்கும் படம் எந்த மட்டம்? ¹D-யா?

இல்லை, பலர் சறுக்குவது இங்கேதான். px-இல் மேல், py-இல் கீழ் என்ற படம் எந்த ஒரு மட்டத்துக்கும் சொந்தமில்லை. அது பாதி ³P, பாதி ¹D கலந்த கலவை. காரணம், எலக்ட்ரான்களுக்கு அடையாளம் கிடையாது. "px மேல், py கீழ்" என்பதையும் "px கீழ், py மேல்" என்பதையும் ஒரு விதமாகச் சேர்த்தால் மும்மை நிலையின் நடு உறுப்பு கிடைக்கும், இன்னொரு விதமாகச் சேர்த்தால் ஒற்றை நிலை கிடைக்கும். படத்தில் எதிரெதிராகத் தெரியும் அம்புகள் உண்மையில் மும்மை நிலைக்குள்ளும் ஒளிந்திருக்கலாம்.

அதேபோல ஒரே கட்டத்தில் ஜோடியாக இருக்கும் படம் மூன்றில் இரண்டு பங்கு ¹D, ஒரு பங்கு ¹S. இதை வைத்துக் கணக்குப் போட்டால் நாம் வரையும் மூன்று வகைப் படங்களுக்கும் சராசரி ஆற்றல் கிடைத்துவிடும். இணையான அம்புகள்: 0. வேறு கட்டம், எதிர் அம்பு: 1.26-இல் பாதி, அதாவது 0.63 எலக்ட்ரான் வோல்ட். ஒரே கட்டத்தில் ஜோடி: 1.26-இல் மூன்றில் இரண்டு பங்கும் 2.68-இல் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து சுமார் 1.74 எலக்ட்ரான் வோல்ட். பார்த்தீர்களா, வேறு கட்டத்துக்குப் போவதால் கொஞ்சம் லாபம், அம்பு ஒரே பக்கம் திரும்புவதால் இன்னும் கொஞ்சம் லாபம். பேருந்து உவமை கண்டுகொள்வது முதல் லாபத்தை மட்டும்தான்.

ஸ்பின் என்றால் குட்டிக் காந்தம்தானே? காந்த விசையால் இணையாக நிற்கின்றனவா?

இல்லை. எலக்ட்ரான்களின் காந்தத்தன்மைகள் ஒன்றோடொன்று நேரடியாகச் செய்யும் வினை இந்த 1.26 எலக்ட்ரான் வோல்ட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. ஹுண்ட் விதிக்குப் பின்னால் இருப்பது மின்விசைதான், எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள விலக்கமும் எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் உள்ள ஈர்ப்பும். அந்த விசையில் ஸ்பின்னுக்கு நேரடியாக எந்தப் பங்கும் கிடையாது. ஸ்பின் உள்ளே நுழைவது பின்வாசல் வழியாக.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன?

எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் மொத்த அலைச்சார்பின் குறி மாற வேண்டும், பௌலி தத்துவத்தின் முழு வடிவம் இதுதான். ஸ்பின்கள் இணையாக இருந்தால் ஸ்பின் பகுதி குறி மாறாது. அப்போது அந்தக் குறிமாற்றத்தை இடப்பகுதி ஏற்றுக்கொள்ள வேண்டும்:

```
மும்மை:  px(1)py(2) − py(1)px(2)
ஒற்றை:   px(1)py(2) + py(1)px(2)
```

முதல் வரியில் இரண்டு எலக்ட்ரானையும் ஒரே புள்ளியில் வைத்துப் பாருங்கள். இரண்டு உறுப்புகளும் சமமாகி, கழித்தால் பூஜ்ஜியம். அதாவது இணை ஸ்பின் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பே இல்லை, அருகருகே இருக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஒவ்வொரு எலக்ட்ரானும் தன்னைச் சுற்றி ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு நகர்வதுபோல. ஒற்றை நிலையில் கூட்டல் குறி என்பதால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேறுபாட்டிலிருந்து வரும் ஆற்றலைத்தான் பரிமாற்ற ஆற்றல் என்கிறோம்.

ஆக, விலக்கம் குறைவதால் ஆற்றல் குறைகிறது. சரிதானே?

பெரும்பாலான பாடநூல்கள் இங்கேதான் நிறுத்துகின்றன. நான் முன்பே சொன்ன திருப்பம் இதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. மேலே சொன்ன வாதம், இரண்டு நிலைகளிலும் ஆர்பிட்டால்களின் அளவும் வடிவமும் மாறாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் அவை மாறும். 1960-களில் கிளர்வுற்ற ஹீலியம் அணுவுக்கு நுணுக்கமான கணக்கீடுகள் செய்தபோது, மும்மை நிலையில் எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம் ஒற்றை நிலையைவிட அதிகமாக வந்தது. கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களுக்குப் பின்னாளில் செய்த கணக்குகளும் அதையே காட்டின.

என்ன நடக்கிறதென்றால், இணை ஸ்பின் எலக்ட்ரான்கள் ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கே வருவது குறைவு. அதனால் ஒன்று இன்னொன்றிடமிருந்து அணுக்கருவை மறைப்பதும் குறைகிறது. மறைப்பு குறைந்தால் ஒவ்வொரு எலக்ட்ரானும் அணுக்கருவின் மின்சுமையை அதிகமாக உணர்ந்து, மொத்த எலக்ட்ரான் மேகமும் சற்று உள்நோக்கிச் சுருங்குகிறது. சுருங்கிய மேகத்தில் எலக்ட்ரான்கள் நெருங்கி வருவதால் விலக்கம் கொஞ்சம் ஏறும், ஆனால் அணுக்கருவோடு உள்ள ஈர்ப்பு அதைவிட அதிகமாகக் கூடிவிடும். கடைசியில் மும்மை நிலை ஜெயிப்பது இந்த ஈர்ப்பால்தான்.

தேர்வுக்கு எழுதுபவர்கள் "விலக்கம் குறைகிறது, பரிமாற்ற ஆற்றல் கூடுகிறது" என்று எழுதினால் மதிப்பெண் வரும், முதல் படி அளவில் அது தவறும் இல்லை. ஆனால் முழுக் கதை அது இல்லை என்பது மனதில் இருக்கட்டும்.

ஆக்ஸிஜனில் ஜோடி வந்துவிடுகிறதே, அப்புறம் அங்கே விதி என்ன செய்கிறது?

கார்பனில் செய்த வேலையைத்தான். 6 இடத்தில் 4 எலக்ட்ரான் என்பதை 6 இடத்தில் 2 காலியிடம் என்று திருப்பிப் பாருங்கள். இரண்டு காலியிடத்தை வைக்கவும் 15 வழிதான், அதனால் அதே ³P, ¹D, ¹S மட்டங்கள் அதே வரிசையில் வருகின்றன. இடைவெளிதான் பெரிது: ¹D சுமார் 1.97 எலக்ட்ரான் வோல்ட்டிலும் ¹S சுமார் 4.19 எலக்ட்ரான் வோல்ட்டிலும் இருக்கின்றன. ஆக்ஸிஜனில் அணுக்கருவின் மின்சுமை அதிகம், ஆர்பிட்டால்கள் சிறியவை, எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருக்கின்றன, அதனால் ஸ்பின் அமைப்பு மாறினால் ஆற்றலும் அதிகமாக மாறுகிறது.

பரிமாற்றத்தை எண்ணிப் பார்க்கவும் ஆக்ஸிஜன் நல்ல பயிற்சி. ஒரே ஸ்பின் உள்ள எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணுங்கள். சரியான அமைப்பில் மூன்று மேல், ஒன்று கீழ். மேல் ஸ்பின்களுக்குள் 3 சேர்க்கை, கீழுக்கு எதுவும் இல்லை, மொத்தம் 3. இரண்டு கட்டம் முழுதாக நிரம்பிய தவறான அமைப்பில் இரண்டு மேல், இரண்டு கீழ். பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் 2. ஒரு சேர்க்கை நஷ்டம், போதாததற்கு ஒரு ஜோடி கூடுதல்.

நைட்ரஜனைவிட ஆக்ஸிஜனிலிருந்து எலக்ட்ரானை எடுப்பது சுலபம் என்பதும் இதனால்தானா?

ஆமாம். முதல் அயனியாக்கும் ஆற்றல் போரானுக்கு 8.30, கார்பனுக்கு 11.26, நைட்ரஜனுக்கு 14.53 எலக்ட்ரான் வோல்ட். படிக்கு ஏறக்குறைய 3 வீதம் ஏறிக்கொண்டே வருகிறது. அந்தப் போக்கில் ஆக்ஸிஜன் 17-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் 13.62-தான். ஃப்ளூரினில் மறுபடி 17.42.

நைட்ரஜன் வரை வந்த ஒவ்வொரு புது எலக்ட்ரானுக்கும் தனிக் கட்டமும் இணை ஸ்பினும் கிடைத்தன. ஆக்ஸிஜனின் நான்காவது எலக்ட்ரான்தான் முதன்முதலாகப் புதுப் பரிமாற்ற லாபம் எதுவும் இல்லாமல், ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலுக்குள் போகிறது. அதை வெளியே எடுத்தால் பரிமாற்றச் சேர்க்கை 3 என்பது 3 ஆகவே இருக்கும், எதுவும் இழப்பதில்லை. "பாதி நிரம்பிய நிலைக்குத் தனி நிலைத்தன்மை" என்று மந்திரம்போலச் சொல்வதைவிட, இந்த எண்ணிக்கையைப் போட்டுக் காட்டுவது எவ்வளவோ மேல்.

¹D, ¹S எல்லாம் கணக்கில் மட்டும்தானே? கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், துருவ ஒளியில். அதில் தெரியும் பச்சை நிறம், ஆக்ஸிஜன் அணு ¹S-இலிருந்து ¹D-க்கு இறங்கும்போது வரும் 557.7 நானோமீட்டர் ஒளி. உயரத்தில் தெரியும் சிவப்பு, ¹D-இலிருந்து ³P-க்கு இறங்கும்போது வரும் 630.0 நானோமீட்டர் ஒளி. அந்தச் சிவப்பு ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் ஸ்பின்கள் சமனான நிலைக்கும் இணையான நிலைக்கும் உள்ள இடைவெளி, அப்படியே. ஹுண்ட் விதியின் அளவு வானத்தில் நிறமாகத் தெரிகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

சிவப்பு ஏன் உயரத்தில் மட்டும் என்றால், ஒற்றை நிலையிலிருந்து மும்மை நிலைக்கு இறங்க ஸ்பின் மாற வேண்டும். ஒளியை உமிழும்போது அது எளிதில் நடக்காது, ¹D நிலை சராசரியாக ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருக்கும். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் அதற்குள் வேறு துகளோடு மோதி ஆற்றலை இழந்துவிடும். சுமார் 200 கிலோமீட்டருக்கு மேல் மோதல் குறைவு, அங்கேதான் ஒளிர நேரம் கிடைக்கிறது. பச்சைக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரமே போதும், அதனால் அது கீழேயும் தெரியும்.

ஸ்பின் அதிகமானால் நல்லது என்றால், கார்பன் ஏன் 2s¹ 2p³ ஆகி நான்கு ஸ்பினையும் இணையாக்கிக்கொள்ளவில்லை?

விதியின் எல்லை எங்கே என்று தொட்டுக் காட்டும் கேள்வி இது. ஹுண்ட் விதி ஒரு குறிப்பிட்ட எலக்ட்ரான் அமைப்புக்குள் இருக்கும் மட்டங்களை மட்டும் ஒப்பிடுகிறது. 2s² 2p² என்ற அமைப்புக்குள் எது கீழே என்று சொல்லும், 2s¹ 2p³-ஐ அதோடு ஒப்பிட அதற்கு அதிகாரமில்லை. 2s-க்கும் 2p-க்கும் ஆற்றல் சமமில்லை, ஒரு எலக்ட்ரானை மேலே ஏற்றச் செலவு உண்டு. நான்கு ஸ்பினும் இணையான ⁵S நிலை கார்பனில் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் தரைநிலையைவிடச் சுமார் 4.18 எலக்ட்ரான் வோல்ட் மேலே. பரிமாற்ற லாபம் அந்தச் செலவை ஈடுகட்டவில்லை.

ஆகவே விதியைப் பயன்படுத்தும் முன் முதலில் கேட்க வேண்டியது, "இந்த ஆர்பிட்டால்களுக்கு ஆற்றல் உண்மையிலேயே சமமா?" கிட்டத்தட்ட சமமாக இருந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது இடைவெளியைப் பொறுத்தது. CH₂ மூலக்கூறில் கார்பனின் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இணை ஸ்பினோடு மும்மை நிலையில் இருக்கின்றன. ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளூரின் வைத்த CF₂-இல் அந்த இரண்டு ஆர்பிட்டால்களின் இடைவெளி விரிந்துவிடுகிறது, எலக்ட்ரான்கள் கீழ் ஆர்பிட்டாலில் ஜோடி சேர்ந்துவிடுகின்றன.

O₂ மூலக்கூறுக்கும் இந்த விதி பொருந்துமா?

அழகாகப் பொருந்தும். O₂-இல் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள் போய்ச் சேர்வது ஒரே ஆற்றலுள்ள இரண்டு எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில். ஆளுக்கொன்றில், இணை ஸ்பினோடு. எல்லா எலக்ட்ரானும் ஜோடியாக O=O என்று நாம் எழுதும் கோட்டுப்படம் இதைக் காட்டவே காட்டாது, ஆனால் திரவ ஆக்ஸிஜனை வலுவான காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கும். தனித்த எலக்ட்ரான் உண்டு என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. ஸ்பின்கள் சமனான ஒற்றை நிலை ஆக்ஸிஜன் சுமார் 0.98 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது, வேதிவினைகளில் அது சாதாரண ஆக்ஸிஜனைவிட மிக வேகமாகப் பாய்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்ஸிஜன் அணுவின் இரண்டு தனித்த எலக்ட்ரான்களும் மூலக்கூறின் இரண்டு தனித்த எலக்ட்ரான்களும் ஒன்றல்ல. எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல்தான். இரண்டு அணுவிலும் சேர்த்து நான்கு இருந்தன, பிணைப்பு உருவாகும்போது ஆர்பிட்டால்கள் அனைத்தும் புதிதாக அமைந்து, விதி மறுபடி முதலிலிருந்து வேலை செய்கிறது.